கயிற்றடியில் ஒரு வசவு

செவாரே ஊரிலிருந்து பாறை மேட்டுப் பாந்தியாகாராவுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் முன் இருக்கையைக் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டார்கள். வாத்தியார் வந்தாலும் சரி, தொழுகை நடத்துகிறவர் வந்தாலும் சரி, "பின்னாடி போய் உக்காருங்க பெரியவரே, இது ஜெனெபா அக்கா இடம்" என்று சொல்லிவிடுவார்கள். ஜெனெபா கராபெந்தா என்ற அவள் ஆற்றங்கரை ஊரான மொப்தியின் மீனவப் பெண். புகை போட்ட கெளுத்தி மீனைக் கூடை கூடையாக மேட்டு நாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவாள், திரும்பும்போது இடித்து உருட்டிக் காயவைத்த வெங்காயத்தைக் கொண்டுவருவாள். ஆள் ஒன்றும் பெரிய அழகி இல்லை. மீன் வாடை வேறு. ஆனாலும் முன் இருக்கை அவளுக்குத்தான். காரணம் அவளுடைய வாய்.

வழியில் கயிறுகள் உண்டு. இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவே சாலைக்குக் குறுக்கே கட்டிய கயிறு, அதில் நாலு கந்தல் துணி, பக்கத்தில் ஓலைப் பந்தல், பந்தலில் கரியடுப்பு, அடுப்பில் தேநீர், தேநீருக்குப் பக்கத்தில் துப்பாக்கி வைத்த போலீஸ்காரர்கள். கயிற்றைக் கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும் என்று நினைப்பீர்கள். தெரியாது. எத்தனையோ ஓட்டுநர்கள் பாட்டுச் சத்தத்தோடு வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், ஜன்னலுக்கு வெளியே காகிதத்தை நீட்டுவார்கள். காகிதம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இருந்து என்ன செய்ய? வணக்கத்துக்கு முன்னால் காகிதம் வந்தால் அன்றைய பொழுது அங்கேயே போயிற்று. ஸ்டெப்னியைக் காட்டு, தீயணைப்பானைக் காட்டு, மேலே கட்டிய ஆட்டுக்கு ஊசி போட்ட சீட்டைக் காட்டு என்று வெயில் சாயும்வரை நிற்க வேண்டியதுதான்.

ஜெனெபா இருந்தால் அந்த வம்பே இல்லை. கயிறு தூரத்தில் தெரியும்போதே "பாட்டை நிறுத்து, தொப்பியை எடு, மெதுவா போ" என்பாள். வண்டி நின்றதும் போலீஸ்காரர் வாயைத் திறக்குமுன் அவள் சலாம் சொல்லியிருப்பாள். பிறகு அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக விசாரிப்பாள். "ராத்திரி நல்லா தூங்கினீங்களா தலைவரே? வீட்ல எல்லாரும் சுகமா? ஊர்ல அம்மா நல்லா இருக்காங்களா? இந்த வெயில்ல நிக்கிறீங்களே, உங்களுக்கு உடம்பு தாங்கணும்." தலைநகரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கி, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டிருக்கும் சின்னப் பையன்கூட அம்மாவைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லித்தான் ஆகவேண்டும். பதில் சொன்னவன் பாதி இறங்கிவிட்டான். அதற்குப் பிறகுதான் காகிதம்.

இதெல்லாம் சம்பந்தமில்லாதவர்களுக்கு. கேலிமுறைக்காரர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே இன்னின்ன குலத்தார் இன்னின்ன குலத்தாரைத் திட்டலாம், திட்டத்தான் வேண்டும் என்று முறை இருக்கிறது. மாமன் மச்சான் கேலியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பேரைக் கேட்டதும், "ஓ, நீ அந்த அவரைக்காய் தின்கிற கூட்டமா? என் அடிமைப் பயல்தானே நீ" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டவன் கோபப்படக் கூடாது. பட்டால் அவனை ஊர் காறித்துப்பும். சட்டை கசங்காமல் நிற்கிற பெரிய அதிகாரியையும் கந்தல்காரன் ஒருவன் அடிமை என்று கூப்பிட்டுச் சிரிக்கவைத்து, கயிற்றைத் தாண்டிப் போய்விடலாம். துப்பாக்கி இருக்கும் இடத்தில் இதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.

இந்த முறைகளிலேயே கெட்டியான முறை ஆற்றுக்காரர்களான போசோக்களுக்கும் பாறைக்காரர்களான தோகோன்களுக்கும் இடையில் உள்ளது. ஏதோ ஒரு பஞ்சத்தில், பசியில் செத்துக்கொண்டிருந்த ஒரு தோகோன் சிறுவனுக்கு ஒரு போசோக்காரன் தன் தொடைச் சதையை அறுத்துச் சுட்டுக் கொடுத்தானாம். பையன் பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து இரண்டு கூட்டமும் ஒரே ரத்தம். ஆகவே ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது, அடிக்கக் கூடாது, ஒரு சொட்டு ரத்தம் சிந்த வைக்கக் கூடாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. அண்ணன் தங்கையிடம் போய் யாராவது இதைச் சொல்வார்களா?

ஜெனெபா முதன்முதலாக அந்தப் பாதையில் போனபோது அவளுக்கு வாயே கிடையாது. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளையும் இல்லை. துக்கம் காத்து முடித்துத் தலையில் கூடையை ஏற்றிக்கொண்டு கிளம்பினவள், வண்டியின் கடைசி இருக்கையில் சாக்கு மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தாள். கயிற்றடியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். பார்த்தவன் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு போலீஸ்காரன். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான், எட்டப் பிடித்தான், அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"கராபெந்தாவா? நானும் காலைலேர்ந்து பாக்கிறேன், தேத்தண்ணில ஏதோ நாறுதேன்னு. நீ வந்துக்கிட்டிருக்கிற நாத்தமா அது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயரை அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் போசோக்காரியான அவளிடம் இப்படிப் பேச உரிமை உள்ளவன் ஒரு தோகோன்தான் என்பது தெரியும்.

"நீ யாரு பேரன்?"

"தெம்பெலி. அனாயி தெம்பெலி. உன்னோட எஜமான். மண்டி போட்டு சலாம் சொல்லு."

ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஏதோ ஒன்று அவளுக்குள் திறந்துகொண்டது. "எஜமானா? மழை வழி தப்பி வந்தாத்தான் தண்ணியைக் கண்ணால பாக்கிற குரங்குக் கூட்டம் நீங்க. இன்னைக்கு மூஞ்சி கழுவினியா? எச்சில் தொட்டுத் துடைச்சுக்கிட்டியா?" என்றாள்.

பந்தலில் இருந்த போலீஸ்காரர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். வண்டியே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ஜெனெபா. புருஷன் போனபிறகு அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு. வண்டி கிளம்பிப் பாறைகள் தெரிய ஆரம்பித்த பிறகும் அவளுக்கு உதடு மூடவில்லை. அடுத்த நடைக்கு ஓட்டுநர் அவளை முன்னால் ஏறச் சொல்லிவிட்டான்.

அதற்கப்புறம் வருஷங்கள் ஓடின. வாரத்துக்கு ஒரு போக்கு, ஒரு வரவு. ஒவ்வொரு தடவையும் ஒரு தேநீர்க் கோப்பை காலியாகும் நேரத்துக்குத் திட்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பாதையின் வேடிக்கைகளில் ஒன்று. "இன்னைக்கு என்ன சொல்வா பாரு" என்று பயணிகள் காத்திருப்பார்கள். அவளும் வாரமெல்லாம் யோசித்து வைத்திருப்பாள். மீனுக்குப் புகை போடும்போது, அடுப்புப் புகையில் கண் எரிய எரிய, புதிதாக ஒரு வசவு தோன்றினால் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். நாத்தனார் பார்த்துவிட்டு, "பேய் பிடிச்சிருக்கா உனக்கு?" என்பாள்.

பேய்தான். வேறு என்ன சொல்ல? அவன் திட்டுக்குள் என்னென்ன இருக்கும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறை காய்ச்சலில் சில வாரம் போகாமல் இருந்துவிட்டாள். கயிற்றடியில் அவன் ஒவ்வொரு ஓட்டுநரிடமும், "அந்த மீன் தலைச்சி செத்துட்டாளா? செத்திருந்தா சொல்லு, விருந்துக்கு ஆடு அறுக்கணும்" என்று கேட்டிருக்கிறான். தினமும் கேட்டிருக்கிறான். அதைக் கொண்டுவந்து சொன்ன ஓட்டுநர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். தாய்க்குப் பிறகு அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தினமும் கேட்டவர்கள் யாரும் இல்லை.

அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. "உன்னைக் கட்டிக்க எந்தப் பெண் ஆட்டுக்குத்தான் மனசு வரும்?" என்று கேட்டாள். அவன், "எனக்கு வாச்ச அடிமையே என்னை இந்தப் பாடு படுத்துறா, பொண்டாட்டி வேறயா?" என்றான். அவளைப் பெண் கேட்டும் ஆள் வந்தது. சொந்தப் படகு வைத்திருக்கிறவன், நல்லவன், மூத்தாளும் சாது. அவள் மாட்டேன் என்றுவிட்டாள். காரணம் கேட்டார்கள். என்னவென்று சொல்வாள்? பாறை நாட்டுப் போலீஸ்காரன் ஒருவன் வாரம் தவறாமல் தன்னை நாற்றம் பிடித்தவள் என்று சொல்கிறான், அது போதும் என்றா சொல்வாள்?

போதவில்லை, அதுதான் நிஜம். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் வடியும் மாதங்களில், படகுத் துறையில் புருஷன் பெண்டாட்டிகள் ஒரே வலையின் இரண்டு முனையைப் பிடித்து மடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு நாளாவது அவனிடம் வசவு இல்லாமல் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று ஏங்கினாள். கட்டிக்கொள்ள வேண்டாம், தொட வேண்டாம். அதெல்லாம் நடக்காது என்று அவளுக்குத் தெரியும், நடக்க வேண்டும் என்றுகூட அவள் துணிந்து நினைத்ததில்லை. ஒரே ஒரு நேரான வார்த்தை. ஒரு மனுஷி ஒரு மனுஷனிடம் பேசுவது போல.

ஒரு சந்தை நாள் காலை, செவாரேயில் கூடைகளை மேலே கட்டிக்கொண்டிருந்த ஓட்டுநர் பூரெய்மா கீழே பார்த்துச் சொன்னான். நல்ல பையன், முன்கோபி. "அக்கா, தெரியுமா? உன் அடிமையைக் கிடாலுக்கு மாத்திட்டாங்களாம். இன்னைக்கு சாயங்காலம் லாரில ஏறுறானாம்."

கிடால் வடக்கே பாலைவனத்துக்குள் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் திரும்புவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"யாரு சொன்னா?"

"நேத்து வந்த வண்டிக்காரங்க. ஐயோ பாவம், இனிமே நீ யாரைத் திட்டுவே? என்னைத் திட்டிக்கோ, போ."

அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நிறைய ஆட்களும் மூட்டைகளும். பக்கத்தில் ஒரு வெங்காயக்காரி, தோகோன் பெண், இடித்துக்கொண்டு உட்கார்ந்து தன் மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஜெனெபாவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இன்றைக்குத் திட்ட மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டாள். இன்றைக்கு நேராகப் பேசுவேன். சலாம் சொல்லுவேன், நீங்க என்பேன், உடம்பு நல்லா இருக்கா என்று கேட்பேன், பத்திரமா போய்ட்டு வாங்க என்பேன். கண்ணைப் பார்த்துச் சொல்லுவேன். அவனுக்குப் புரியும். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். இதற்கு உலகத்தில் யாருக்கு என்ன நஷ்டம்?

கயிற்றடி அன்று வழக்கம்போல் இல்லை. அந்த வாரம்தான் இருட்டில் ஒரு வண்டியை மறித்துக் கொள்ளை அடித்திருந்தார்கள், தடுக்கப்போன ஒரு போலீஸ்காரருக்குத் தோளில் குண்டு. தேநீர் அடுப்பு அணைந்து கிடந்தது. புது மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். செகூ ஊர்ப் பக்கத்துக்காரர், புவாரே என்று பெயர், கனத்த மனிதர். சின்னப் போலீஸ்காரன் ஒருவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டாமல் கையில் வைத்திருந்தான். தெம்பெலி கயிற்றின் முடிச்சருகே நின்றான். சட்டையை வெளுத்துப் போட்டிருந்தான். அவளைக் கண்டதும் அவன் கண் மலர்ந்தது. அந்த இறுக்கத்தில் அவனும் அவள் வாய்க்காகக் காத்திருந்தான் போலிருக்கிறது.

பூரெய்மா பாட்டை நிறுத்தினான், தொப்பியை எடுத்தான். ஜெனெபா இறங்கினாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"சலாம், தெம்பெலி ஐயா. உடம்பு சுகமா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஆயிற்று.

தெம்பெலியின் முகம் வெளுத்துப்போயிற்று. சின்னப் போலீஸ்காரன் திரும்பிப் பார்த்தான். வெங்காயக்காரி பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். இந்தப் பாதையில் அவர்கள் இருவரையும் அறியாதவர்கள் இல்லை. அறியாதவர்களுக்கும் போசோ என்றால் என்ன, தோகோன் என்றால் என்ன என்று தெரியும். ஒரு போசோப் பெண் ஒரு தோகோனை ஐயா என்று கூப்பிட்டால், ஒன்று அவர்களுக்குள் தீராத பகை, இல்லையென்றால் அவள் எதையோ மறைக்கிறாள். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று நினைக்க யாருக்கும் துணிவு வராது.

புவாரே நடந்து வந்தார். "உன் அட்டையைக் காட்டு." காட்டினாள். "கராபெந்தா. போசோ. இவன் தெம்பெலி. நீ இவனை ஐயாங்கிற. எனக்கும் இந்த நாட்டு வழக்கம் தெரியும்மா. என்ன நடக்குது இங்க?"

"ஒண்ணுமில்ல தலைவரே."

"ஒண்ணுமில்லேன்னா ஏன் பயப்படுற? தெம்பெலி, உனக்கும் இவளுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல தலைவரே," என்றான் தெம்பெலி. அவன் குரல் அவனுடையது போலவே இல்லை.

"கூடையை இறக்கு. எல்லா மூட்டையையும் இறக்கு. எல்லாரும் கீழ இறங்கி நில்லுங்க."

கூடைகள் இறங்கின. ஒரு வாரப் புகையில் பொன்னாக வெந்த கெளுத்திகளைப் புழுதியில் கவிழ்த்தார்கள். வெங்காயக்காரியின் மூட்டை, யாரோ ஒருவரின் படுக்கை, ஒரு நோயாளியின் மருந்துப் பை எல்லாம் தரையில். துப்பாக்கியைத்தான் தேடினார்கள், கொள்ளைக்காரர்களுக்கு மீன் கூடையில் துப்பாக்கி போகிறது என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. ஜெனெபா நின்று பார்த்தாள். மீன் போவதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவள் சொன்ன நேரான வார்த்தை அவன் காதில் போய் எப்படி விழுந்ததோ என்பதுதான் அவளைக் குடைந்தது.

பூரெய்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வாராவாரம் போற வண்டி தலைவரே இது. மீனைப் போய் மண்ணுல கொட்டுறீங்களே, இதுலயா துப்பாக்கியைத் தேடுறீங்க?" என்று குரலை உயர்த்திவிட்டான்.

"சாவியைக் குடு."

"எதுக்கு?"

"தெம்பெலி, இவனைத் தரையில உக்கார வை."

தெம்பெலி போய் அவன் தோளில் கை வைத்தான். பூரெய்மா அந்தக் கையைத் தட்டிவிட்டான். சின்னப் போலீஸ்காரன் துப்பாக்கியை உயர்த்தினான். அவனுக்கு இருபது வயதுகூட இராது. குண்டடி பட்டவன் அவனோடு ஒரே அறையில் படுப்பவனாம்.

எல்லோர் கண்ணும் ஜெனெபா மேல். வெங்காயக்காரி அவள் முழங்கையைக் கிள்ளினாள். "உன் வாய்க்கு என்னடி வந்துச்சு இன்னைக்கு? பேசுடி."

பேசினால் என்ன ஆகும் என்று ஜெனெபாவுக்குத் தெரியும். வண்டி பிழைக்கும், பூரெய்மா பிழைப்பான். அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே ஒரு நேரான வார்த்தை கேலியாகிவிடும். அதை அவளே தன் வாயால் கேலியாக்க வேண்டும். அவனும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், காரணம் அவன் சாயங்காலம் போய்விடுவான், மாற்றிச் சொல்ல இன்னொரு வாரம் கிடையாது.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு துப்பாக்கிக்கும் பூரெய்மாவுக்கும் நடுவே போய் நின்றாள்.

"டேய் பாறைக் குரங்கே," என்றாள். "கிடாலுக்குப் போறியாமே, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் உன்னை மனுஷன்னு நெனச்சு மரியாதை குடுத்துப் பாத்தேன்டா. பாத்தியா, உனக்கே செமிக்கல. குரங்குக்குச் செருப்பு மாட்டிவிட்ட மாதிரி நிக்கிற. ஐயாவாம். எந்த ஊரு ஐயாடா நீ? வெங்காய வாடைக்கு ஐயான்னு பேரா?"

தெம்பெலி அவளைப் பார்த்தான். இதற்கு முன் அவ்வளவு நேரம் அவன் அவளைப் பார்த்ததே இல்லை, வசவுக்கு நடுவே எங்கே நேரம்? அப்புறம் மூச்சை இழுத்துவிட்டான்.

"நானும் அதான் பாக்கிறேன். மீன் நாத்தம் அடிக்குது, ஆனா ஐயா ஐயான்னு சத்தம் வருது. செத்த மீனு பேசுதோன்னு பயந்துட்டேன். தலைவரே, இவ என் அடிமை. புத்தி சரியில்லாத அடிமை. எங்க தாத்தா சந்தையில விலை படியாம திருப்பிக் கொண்டுவந்தது."

"உங்க தாத்தனுக்குத் தொடைக்கறி ஊட்டினது எங்க தாத்தன்டா. இன்னும் பல்லுல சிக்கியிருக்கும், பாரு."

முதலில் சிரித்தவர் புவாரேதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பீப்பாயில் சாய்ந்துவிட்டார். "அம்மா தாயே, என்னையும் பயமுறுத்திட்டியே. நான் ஏதோ பெரிய விஷயம்னு நெனச்சேன்." சின்னப் போலீஸ்காரன் துப்பாக்கியைத் தாழ்த்தி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஜெனெபா புவாரேவிடம் திரும்பி அவர் அம்மாவை விசாரித்தாள், குண்டடி பட்டவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள், சீக்கிரம் தேறட்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து ஆமீன் சொன்னார்கள். பூரெய்மா தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க தலைவரே, வாய் தவறிப்போச்சு" என்றான். சாவி திரும்பி வந்தது.

தெம்பெலி குத்தவைத்து உட்கார்ந்து மீன்களைப் பொறுக்க ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக எடுத்து, சட்டையிலேயே மண்ணைத் துடைத்து, கூடையில் அடுக்கினான். வெளுத்த சட்டை போச்சு. அவளும் எதிரே உட்கார்ந்து அடுக்கினாள். புவாரே தலைமேலேயே நின்றிருந்தார், வண்டி முழுக்கச் சுற்றி நின்று இன்னும் வேண்டும் என்பதுபோல் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கிடால்ல ஈ முங்கிச் சாகக்கூடத் தண்ணி கிடையாதாம்," என்றாள் ஜெனெபா. "போசோவும் கிடையாது. நீ அங்க செத்துப்போனா உன் குழிக்குள்ள இறங்கிப் படுத்துக்கிட்டு, என் கூலியைக் குடுக்காம இந்தக் குரங்கைப் புதைக்க விடமாட்டேன்னு யாருடா மல்லுக்கு நிப்பா?"

அது அந்த முறைக்காரர்களின் உரிமை. தோகோன் செத்தால் போசோ வந்து குழியை மறிக்க வேண்டும், பிணத்தைப் பார்த்துக் கேலி பேச வேண்டும். மற்றவர்கள் அழும்போது சிரிக்கவைக்க வேண்டும். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

தெம்பெலி கையிலிருந்த மீனைப் பார்த்தபடி சொன்னான். "அப்ப நான் அங்க சாகப்போறதில்ல. எப்படியாவது இங்க வந்துதான் சாவேன். நீதான் வந்து படுக்கணும். வேற யாராவது வந்தா எந்திரிச்சு ஓடிருவேன்."

"வருவேன்டா. எனக்கு முன்னாடி நீ சாகணும், அது ஒண்ணுதான்."

"எனக்கு முன்னாடி நீ செத்தா?"

"நீ வந்து படு."

"படுப்பேன்," என்றான். "படுத்தா எந்திரிக்க மாட்டேன். இழுத்துத்தான் எடுக்கணும்."

ஜனம் கைதட்டிச் சிரித்தது. புவாரே, "போதும் போதும், கயிற்றை எடு" என்றார். தெம்பெலி எழுந்துபோய் முடிச்சை அவிழ்த்தான். வண்டி அவனைக் கடக்கும்போது அவன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். ஜெனெபா கண்ணாடி வழியே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கேலியில் சேராது. பாறைகள் வரும்வரை வெங்காயக்காரி அந்த வசவுகளையெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொண்டாடினாள், பூரெய்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு என் உசுரைக் காப்பாத்தினே" என்றான்.

இப்போது அந்தக் கயிற்றடியில் தெற்கத்திக்காரர் ஒருவர் நிற்கிறார். அமைதியான மனிதர். ஜெனெபாவுக்கு அவரோடு ஒரு முறையும் கிடையாது. வாரம் தவறாமல் இறங்கி, தூக்கத்தையும் அம்மாவையும் வெயிலையும் விசாரிக்கிறாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "நீங்க நல்லா இருக்கீங்களாம்மா?" என்று திருப்பிக் கேட்கிறார். காகிதத்தைப் பார்க்காமலே கயிற்றை இறக்கிவிடுகிறார். வண்டிகள் முன்பைவிட வேகமாகப் போகின்றன, ஓட்டுநர்களுக்கு ரொம்பத் திருப்தி. "உடம்பு நல்லா இருக்கு தலைவரே, ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜெனெபா முன் இருக்கையில் ஏறி உட்காருகிறாள். மரியாதையாகப் பேச அவளுக்கு ஊர்ப்பட்ட ஆள் இருக்கிறது. செத்துட்டியா என்று கேட்கத்தான் ஒருத்தரும் இல்லை.